மெக்கரோனின் பாதம் எங்கே போனது?

கேள்வி: அக்கா, தீபாவளிக்காக மெக்கரோன் என்ற பிரெஞ்சுப் பாதாம் பிஸ்கட் செய்து பழகுகிறேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு வெள்ளைக்கருவை அடித்தேன். நுரை அமுங்கிவிடக் கூடாதென்று பாதாம் மாவை மிக மென்மையாகக் கலந்தேன். மேலே கூரான வால் நிற்கிறது, சில வெடித்துவிட்டன, அடியில் கொசுவம் போல வர வேண்டிய பாதமே வரவில்லை. ஓவன் சரியில்லையா?
– வாசகி, செந்தூல்

பதில்: ஓவனைக் குறை சொல்லாதீர்கள். அந்த வால் ஓவனுக்குள் போகும் முன்பே தட்டில் நின்றிருக்கும்.

வெள்ளைக்கருவிலிருந்து தொடங்குவோம். குளிர்ந்த வெள்ளைக்கருவும் நுரைக்கும்தான், ஆனால் மெதுவாக. பார்வைக்கு வெண்மை வந்ததும் பலர் நிறுத்திவிடுவார்கள். சீனியும் குளிரில் சரியாகக் கரையாது. அதனால் மஞ்சள் கருவைக் குளிர்ந்த நிலையிலேயே பிரித்து எடுத்துவிட்டு (அப்போதுதான் உடையாது), வெள்ளையை மூடி அரை மணி நேரம் வெளியே வையுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு அது போதும். பிரெஞ்சுக்காரர்கள் சிலர் வெள்ளைக்கருவை இரவு முழுவதும் வெளியே வைப்பதைப் பார்த்து நீங்களும் வைக்க வேண்டாம். இங்கே அது கெட்டுவிடும்.

100 கிராம் வெள்ளைக்கருவுக்கு 90 கிராம் காஸ்டர் சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடியுங்கள். நுரையை விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. அடிப்பானைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

உங்கள் மெக்கரோன் கெட்டது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். ஸ்பாஞ்ச் கேக்குக்குக் கலப்பதைப் போல இதற்குக் கலக்கக் கூடாது. சலித்த பாதாம் மாவும் ஐசிங் சீனியும் தலா 130 கிராம் சேர்த்து, முதலில் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். மாவு மறைந்ததும் கரண்டியின் தட்டைப் பக்கத்தால் கலவையைப் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்து, நுரையில் ஒரு பகுதியை வேண்டுமென்றே உடையுங்கள். மிஞ்சும் காற்றுதான் வாலாகவும் வெடிப்பாகவும் வெளிப்படுகிறது. கரண்டியைத் தூக்கினால் கலவை அறுபடாமல் நாடாவாக விழ வேண்டும். விழுந்த தடம் சுமார் 20 விநாடியில் மறைய வேண்டும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் கலந்தால் கலவை ஓடிப் பரவி, தட்டையாகிவிடும். அதைத் திருத்த வழியில்லை.

கலவையைப் பிழியும் பையில் நிரப்பி, தட்டில் வட்டமாகப் பிழியுங்கள். தட்டை மேசையில் இரண்டு முறை தட்டிவிட்டு, குளிர்சாதன அறையில் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத மெல்லிய தோல் உருவாக வேண்டும்; மழை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். 150 பாகை வெப்பத்தில் உள்ளே எழும் நீராவி இந்தத் தோலைத் துளைக்க முடியாமல் அடிவழியே வெளியேறும். அப்போது மேலோட்டைத் தூக்கிவிடும். புடவைக் கொசுவம் போன்ற அந்தப் பாதம் உருவாவது அப்படித்தான். தோல் காயாவிட்டால் நீராவி மேலே வெடித்துக்கொண்டு போகும்.

அடுத்த முறை முழுத் தட்டையும் பிழிவதற்கு முன் ஒன்றை மட்டும் பிழிந்து பாருங்கள். அரை நிமிடத்தில் வால் அமுங்கவில்லை என்றால், பையிலுள்ள கலவையைப் பாத்திரத்தில் கொட்டி, நான்கைந்து முறை கூடுதலாகப் புரட்டிவிட்டுத் தொடருங்கள்.