அதிகம் விற்பதை மெனுவின் உச்சியில் போடுவது சரியா?

கேள்வி: கடையில் கூட்டம் இருக்கிறது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அதிகம் விற்கும் உணவுகளை மெனு கார்டில் மேலே, பெட்டி கட்டிப் போடச் சொல்கிறார்கள். அது சரிதானா?

சரியில்லை. அதிகம் விற்பதைத் தேடி வருகிறவர் அது எந்த மூலையில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கார்டின் நல்ல இடத்தை அதற்குக் கொடுப்பது வீண். எதற்குக் கொடுப்பது என்று தெரிய, முதலில் கணக்குப் போட வேண்டும். கணக்கில்லாமல் கார்டை மட்டும் மாற்றினால் நஷ்டத்தை அழகாக அச்சடித்த மாதிரிதான் ஆகும்.

உங்கள் பில்லிங் மென்பொருளில் உணவு வாரியாக விற்பனை எண்ணிக்கை கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாதக் கணக்கை எடுங்கள். முதன்மை உணவுகளைத் தனியாகவும், பானங்களையும் இனிப்புகளையும் தனித்தனியாகவும் பாருங்கள். ஒரு கோப்பை பானத்தை ஒரு முழுச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் வரும் முடிவுக்கு அர்த்தமில்லை.

ஐந்து உணவுகள் உள்ள ஒரு பிரிவு, மாதம் 1000 தட்டு விற்பனை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்குத்தான், எந்த நாணயமும் இல்லை.

அ: விலை 100, பொருள் செலவு 40, மிச்சம் 60, விற்றது 300
ஆ: விலை 70, செலவு 21, மிச்சம் 49, விற்றது 360
இ: விலை 160, செலவு 72, மிச்சம் 88, விற்றது 100
ஈ: விலை 75, செலவு 30, மிச்சம் 45, விற்றது 60
உ: விலை 110, செலவு 44, மிச்சம் 66, விற்றது 180

இதில் சறுக்குவது செலவுப் பத்தியில்தான். 1 கிலோ வாங்கி, சுத்தம் செய்தபின் 700 கிராம் தேறினால், அந்த 700 கிராமுக்குத்தான் முழு விலையும் போயிருக்கிறது. தொட்டுக்கொள்ள வைப்பது, மேலே தூவுவது, எண்ணெய் எல்லாம் சேர வேண்டும். அளவுக்கரண்டி இல்லாமல் கைக்கணக்கில் பரிமாறும் கிச்சனில், காகிதத்தில் 40 என்று இருப்பது தட்டில் 46 ஆகிவிடும். பரபரப்பான நேரத்தில் நான்கைந்து தட்டை நிறுத்தித் தராசில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து இரண்டு எல்லைக்கோடுகள், லாபத்துக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று. ஒவ்வொரு உணவின் மிச்சத்தையும் விற்ற எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் மொத்த மிச்சம் 59,020. அதை 1000 தட்டால் வகுத்தால் சராசரி 59. அதற்கு மேலே உள்ளவை நன்றாக லாபம் தருபவை. விற்பனைக்கான கோடு: ஐந்து உணவும் சமமாக விற்றால் ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம், அதில் எழுபது சதவீதம் 14. அதாவது 140 தட்டுக்கு மேல் போனால் நன்றாக விற்கிறது. 1982ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் கொடுத்த முறை இது. இரண்டும் இருந்தால் நட்சத்திரம், விற்றும் லாபம் குறைந்தால் உழவு மாடு, லாபம் இருந்தும் விற்காவிட்டால் புதிர், இரண்டும் இல்லையென்றால் நாய் என்று பெயர் வைத்தார்கள்.

நம் கணக்கில் அ, உ நட்சத்திரங்கள். ஆ உழவு மாடு. இ புதிர். ஈ நாய்.

இங்கேதான் சில கணக்காளர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பொருள் செலவு சதவீதத்தை மட்டும் பார்த்து, ஆ 30 சதவீதம், அருமை, இ 45 சதவீதம், தூக்கிவிடுங்கள் என்பார்கள். வாடகையும் சம்பளமும் கொடுப்பது தட்டுக்கு மிஞ்சும் பணம். இ ஒரு தட்டு போனால் 88 நிற்கிறது, ஆ போனால் 49. சதவீதம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை, வீணாவதையும் திருட்டையும் பிடிக்க அது உதவும். எதை விற்பது என்று அது சொல்லாது.

ஆக, கார்டின் நல்ல இடம் இ-க்கு. வலப் பக்கத்தின் மேல்பாதியில் கண் முதலில் விழும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. கண்ணசைவை அளந்து பார்த்த ஆய்வில், மக்கள் பெரும்பாலும் புத்தகம் படிப்பதுபோல வரிசையாகத்தான் படிக்கிறார்கள் என்று தெரிந்தது. பலன் தருவது பிரிவுக்குள் இருக்கும் வரிசை. 2011ல் வெளியான டயான், பார்-ஹில்லல் ஆய்வில், பட்டியலின் முதலிலும் கடைசியிலும் வைத்த உணவுகள் நடுவில் வைத்தபோது விற்றதைவிட இரண்டு மடங்கு வரை விற்றன. ஆகவே இ முதலில், உ கடைசியில், ஆ நடுவில்.

பிறகு எழுத்து. வலது ஓரத்தில் விலைகளை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தி, பெயரிலிருந்து விலை வரை புள்ளி வைத்துக்கொண்டு போவதை நிறுத்துங்கள். அப்படி இருந்தால் வாடிக்கையாளர் விலைப் பத்தியை மேலிருந்து கீழே ஓட்டி, குறைந்ததைத் தேடுவார், அதாவது ஆ-வை. வர்ணனை முடிந்த இடத்திலேயே, அதே எழுத்தளவில் விலை வரட்டும். இ-க்கு ஒன்றரை வரி கொடுங்கள்: முக்கியப் பொருள் என்ன, எப்படிச் சமைத்தது, வாயில் எப்படி இருக்கும். “சுவையான”, “சிறப்பான” போன்ற சொற்களுக்கு அங்கே வேலை இல்லை. “குறைந்த தீயில் இரண்டு மணி நேரம் வெந்தது” என்றால் வேலை செய்யும், அது உண்மையாக இருந்தால் மட்டும். பெட்டி கட்டுவதென்றால் பிரிவுக்கு ஒன்று போதும். இலவச டெம்ப்ளேட்டுகளில் எல்லாவற்றுக்கும் பெட்டி, எல்லாவற்றுக்கும் படம், நான்கு வகை எழுத்துரு என்று தருகிறார்களே, அந்தக் கொடுமையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

விலையை இப்போது தொடாதீர்கள். இடம், வர்ணனை, விலை மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நான்கு முழு வாரம் ஓடவிட்டு, எண்ணிக்கையை விட்டுப் பங்கைப் பாருங்கள். கூட்டம் கூடினால் எல்லாமே கூடத்தான் செய்யும்.

இ 100லிருந்து 150 ஆகிவிட்டது என்று வைப்போம். உடனே சந்தோஷப்பட வேண்டாம், அந்த 50 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். ஆ-விலிருந்து வந்திருந்தால் ஆளுக்கு 39 கூடி, 1950 லாபம். உ-விலிருந்து வந்திருந்தால் ஆளுக்கு 22தான், மொத்தம் 1100. அதோடு உ 130க்கு இறங்கி, அதுவே புதிராகிவிடும். நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஒரு தட்டுக்குச் சராசரி மிச்சம்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். ஆ-விலிருந்து 50 பேர் இ-க்கு மாறினால் சராசரி 61 ஆகிறது. மிச்சம் 60 உள்ள அ, தன்னில் எந்த மாற்றமும் இல்லாமலே, நட்சத்திரத்திலிருந்து உழவு மாடாகிவிடுகிறது. எல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் போட்ட கோடுகள் என்பதால் இப்படி. கோட்டை ஒட்டி நிற்கும் உணவில் கை வைக்காதீர்கள்.

ஈ-யைத் தூக்குமுன், அதன் பொருட்கள் வேறு எதற்கும் போகின்றனவா என்று பாருங்கள். அதற்கு மட்டுமே வாங்கும் பொருள் இருந்து, அது கெட்டுப்போய்க்கொண்டிருந்தால் தூக்கிவிடலாம்.

“ஆள் கூலி எங்கே?” என்று யாராவது கேட்பார்கள். நியாயம்தான், இந்த முறையில் அது இல்லை. இ ஒரு அடுப்பை இருபது நிமிடம் பிடித்துக்கொள்கிறது, ஆ ஐந்து நிமிடத்தில் முடிகிறது என்றால், நெரிசல் நேரத்தில் இ-யைக் கூட்டி விற்பது மற்ற தட்டுகளைத் தாமதமாக்கும். ஆகவே இ-யின் நீண்ட வேலையை முன்கூட்டியே முடித்துவைக்க முடியுமா என்று கிச்சனில் கேட்டுவிட்டு, அதன்பின் கார்டை அச்சுக்குக் கொடுங்கள்.