"சராசரி குடும்பம்" கட்டும் தவணையை நாமும் கட்ட முடியுமா?

கேள்வி: நானும் மனைவியும் சேர்ந்து மாதம் கையில் வாங்குவது 90,000 ரூபாய். கே.ஆர். புரம் பக்கம் ஒரு பிளாட் பார்த்தோம். மாதத் தவணை 48,000 வரும். "பெங்களூரில் சராசரி குடும்பமே இதைக் கட்டுகிறது சார்" என்று விற்பனைக்காரர் ஒரு செய்தியைக் காட்டினார். அதே செய்தியில் சராசரி வருமானம் என்று ஒரு தொகையும், இடைநிலை வருமானம் என்று அதில் பாதி தொகையும் இருந்தன. எது நிஜம்? நாங்கள் சராசரிக்கும் கீழே இருக்கிறோமா?

பதில்: இரண்டுமே நிஜமாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கூட்டுச்சராசரி, இடைநிலை, முகடு என்று படித்தது நினைவிருக்கும். அதில் முதல் இரண்டும்தான் இங்கே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

அல்சூரில் ஒரு சந்து இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்பது வீடுகள். மாத வருமானம் வரிசையாக: 22,000 (காய்கறி வண்டி), 28,000, 35,000, 45,000, 60,000, 80,000, 90,000 (இது நீங்கள்), 1,50,000, கடைசியாக மாடி வீட்டில் சொந்தமாகக் கம்பெனி நடத்துபவருக்கு 5,70,000. எல்லாவற்றையும் கூட்டினால் 10,80,000. ஒன்பதால் வகுத்தால் சராசரி 1,20,000. வரிசையில் நட்டநடுவே, ஐந்தாவதாக நிற்கும் வீட்டின் வருமானம் 60,000. அதுதான் இடைநிலை. சராசரி அதைவிடச் சரியாக இரண்டு மடங்கு.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். அந்தச் சந்தில் மேலிருந்து மூன்றாவது நீங்கள். ஆனாலும் சராசரிக்குக் கீழே! நீங்கள் மட்டுமல்ல, ஒன்பதில் ஏழு வீடுகள் அப்படித்தான். 'சராசரி குடும்பம்' என்றதும் நாம் நடுவில் இருப்பவரை நினைக்கிறோம். இந்தச் சந்தில் 1,20,000 வாங்கும் குடும்பம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. அடுத்த வருடம் மாடி வீட்டுக்காரரின் வருமானம் மட்டும் 11,10,000 ஆகிறது; மற்ற எட்டு வீட்டிலும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. சராசரி 1,80,000. 'குடும்ப வருமானம் 50 சதவீதம் உயர்வு' என்று தலைப்புப் போடலாம், பொய் இல்லை. இடைநிலை அதே 60,000-இல் நிற்கும். வருமானத்துக்குக் கீழே பூஜ்யம் என்ற தரை உண்டு, மேலே கூரை கிடையாது. அதனால் சராசரியை மேல்பக்கத்து ஒன்றிரண்டு பேரே இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கம்பெனி முதலாளிகளும் பங்குகளை விற்றுப் பணம் பார்த்தவர்களும், அவர்கள் வீட்டில் வேலை செய்பவர்களும் ஒரே வார்டில் வாழும் பெங்களூரில் இது தெருவுக்குத் தெரு நடக்கும். இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் 2022-க்கு இடைநிலைக் குடும்ப வருமானம் 74,580 டாலர், சராசரியோ ஏறத்தாழ 1,06,400.

இடைநிலைக்கும் ஒரு குறை உண்டு. காய்கறி வண்டிக்காரரின் 22,000 பாதியாகக் குறைந்தாலும் அது அசையாது. நடுவில் இருப்பவரைச் சொல்லும், ஓரத்தில் இருப்பவரைச் சொல்லாது.

செய்திகளில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு வேறு. மாநிலத்தின் 'தனிநபர் வருமானம்' என்று அரசு வெளியிடும் தொகையை நான்கால் பெருக்கி, நான்கு பேர் கொண்ட வீட்டின் வருமானம் என்று எழுதிவிடுவார்கள். அந்தத் தொகை மாநிலத்தின் நிகர உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்து வருவது. இங்கே அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிகளின் லாபமும் அதில் அடக்கம், அந்த லாபம் வெளிநாட்டு முதலாளிக்குப் போனாலும் சரி. யாருடைய சம்பளக் கணக்கிலும் அது வந்து விழுவதில்லை. அதிலிருந்து இடைநிலையைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அதற்கு வீடு வீடாகப் போய் வருமானம் கேட்ட கணக்கெடுப்பு வேண்டும். அடுத்த முறை செய்தியைப் படிக்கும்போது, எத்தனை வீடுகளைக் கேட்டார்கள், வரிக்கு முன்பா பின்பா, வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

சரி, பிளாட் விஷயம். 1,20,000 வாங்கும் வீட்டுக்கு 48,000 என்பது 40 சதவீதம்; உங்களுக்கு அது 53. வங்கியும் உங்கள் சம்பளச் சீட்டைத்தான் பார்க்கும், ஊர்ச் சராசரியை அல்ல. வேறு கடன் எதுவும் இல்லையென்றால்கூட, தவணை 36,000-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் அதற்குச் சுமார் 41 லட்சம் கடன் கிடைக்கும். 48,000 தவணை என்றால் கடன் 55 லட்சம். நடுவில் இருக்கும் 14 லட்சத்தை முன்பணத்தோடு சேர்த்துக் கையிலிருந்து போட முடியுமா என்று மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். முடியாதென்றால், அதே விற்பனைக்காரரிடம் சின்ன பிளாட் இருக்கிறதா என்று கேளுங்கள்.