ஆப்புக்குச் சந்தா கட்டிவிட்டால் ஹோட்டலில் பாட்டுப் போடலாமா?

“கும்பகோணத்தில் 12 அறை லாட்ஜும் கீழே ஒரு சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கிறேன். சந்தா கட்டும் ஆப்பிலிருந்து ரிசப்ஷனிலும் கடையிலும் பழைய பாட்டு மெதுவாக ஓடும். இப்போது ஒரு நிறுவனம் உரிமம் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கட்டத்தான் வேண்டுமா?”

உரிமம் வேண்டும். ஆனால் நோட்டீஸ் அனுப்பியவருக்கே கட்ட வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

நீங்கள் கட்டும் சந்தா சொந்தமாகக் கேட்பதற்கு மட்டும்தான். குடியிருப்பு வளாகத்தின் பொது அறையில் அங்கே குடியிருப்பவர்களுக்காகப் பாட்டுப் போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(k) பிரிவு சலுகை தருகிறது. அதே வரியிலேயே ஹோட்டலை வெளியே தள்ளிவிட்டது. ‘சத்தம் குறைவு, டிக்கெட் போடவில்லை’ என்ற வாதமெல்லாம் எடுபடாது.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. பழைய பாட்டுதானே என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1960-இல் வெளிவந்த ஒலிப்பதிவின் 60 ஆண்டு உரிமை 2020-இறுதியோடு முடிந்துவிட்டது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்த பிறகுதான் 60 ஆண்டு எண்ணுவார்கள். கண்ணதாசன் மறைந்தது 1981-இல். எனவே அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு.

வரிக்கும் மெட்டுக்கும் உரிமம் தரும், பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு பெற்ற சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். ஒலிப்பதிவுக்கு ஆர்.எம்.பி.எல். என்ற பதிவு பெற்ற சங்கம் இருக்கிறது, ஆனால் அதன் உறுப்பினர்களின் இசைத்தட்டுகளுக்கு மட்டும். மற்ற கம்பெனிப் பாட்டுகளுக்கு அந்தந்த உரிமையாளரிடம்தான் போக வேண்டும்.

சிக்கல், பதிவில்லாத நிறுவனங்களால் வருகிறது. உரிமையை எழுதி வாங்கியிருந்தாலும், உரிமம் கொடுப்பதைத் தொழிலாக நடத்தச் சங்கப் பதிவு வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் நேர்மாறாக, உரிமையாளரே நேரடியாகத் தரலாம் என்றது. டெல்லியில் நடந்த இதே மாதிரி வழக்கு 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பதால் சென்னைத் தீர்ப்பு கைகொடுக்கும். அதை மட்டும் நம்பி நோட்டீஸைக் குப்பையில் போடாதீர்கள். தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் இது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

முதலில் அந்தப் பாட்டுகளை நிறுத்துங்கள். அப்புறம் பதிவுத் தபாலில் மூன்று விஷயம் கேளுங்கள்: சங்கப் பதிவுச் சான்று, எந்தெந்தப் பாட்டுகளின் உரிமை அவர்களிடம் இருக்கிறது என்ற பட்டியலும் அதற்கான ஒப்பந்த நகலும், கட்டண விவரம். பதிவு உண்மையா என்பதை copyright.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். உரிமம் எடுக்கும்போது ரிசப்ஷன், சாப்பாட்டுக் கடை இரண்டும் அதில் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அறைகளில் டிவி இருந்தால் அதையும் கேளுங்கள். ஹோட்டல் அறைகளுக்குக் கேபிளில் கொடுப்பதையும் சட்டம் பொதுமக்களுக்குக் கொடுப்பதாகவே கணக்கில் எடுக்கிறது.