திருடன் படம் இல்லாமல் ஒரு கேமரா விளம்பரம்

கேள்வி: பாதுகாப்புக் கேமரா பொருத்தும் வேலை செய்கிறேன். இலவசமாக நேரில் வந்து இடம் பார்ப்பது, பேக்கேஜ் விலை, வாரண்டி மூன்றையும் சொல்லி ஒரு கேப்ஷன் எழுத வேண்டும். மற்றவர்கள் முகமூடித் திருடன் படத்தைப் போட்டு மிரட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மிரட்டாமல் எழுதினால் யாராவது கூப்பிடுவார்களா? எப்படி எழுதுவது?

பதில்: கூப்பிடுவார்கள். பயந்து கூப்பிடுபவர் பெரும்பாலும் விலையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். விவரம் படித்துக் கூப்பிடுபவர் "எங்கள் வீட்டுக்கு 80 மீட்டர் கேபிள் போதுமா?" என்று கேட்பார். எனக்கு இரண்டாமவர்தான் வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். எண்களை உங்கள் பேக்கேஜுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

*நான்கு கேமரா பேக்கேஜ்: ______ (வரி உட்பட)*
*2 மெகாபிக்சல் கேமரா 4, டி.வி.ஆர்., 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், மின் அடாப்டர், 80 மீட்டர் கேபிள், பொருத்தும் கூலி எல்லாம் இதில் அடக்கம். இடைவிடாமல் பதிவு செய்தால் சுமார் 11 நாள் காட்சி சேமிப்பில் இருக்கும்.*
*80 மீட்டரைத் தாண்டினால் மீட்டருக்கு ______. சுவருக்குள் குழாய் பதிப்பது தனி.*
*முதலில் நேரில் வந்து அளந்து, விலையை எழுதித் தருகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. வேலையை எங்களிடம் கொடுக்காவிட்டாலும் அந்தத் தாள் உங்களுக்கே.*
*வாரண்டி: கேமராவுக்கும் டி.வி.ஆருக்கும் ___ ஆண்டு, ஹார்டு டிஸ்க்குக்கு ___ ஆண்டு, எங்கள் வயரிங் வேலைக்கு ___ ஆண்டு.*

இதில் முக்கியமான வரி கேபிள் வரிதான். அதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் "நான்கு கேமரா, எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று விளம்பரம் போட்டிருந்தேன். ஒரு வீட்டில் வாசலில் நின்று கண்ணாலேயே அளந்து, 70 மீட்டர் போதும் என்று நினைத்தேன். வேலை தொடங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. கூடத்துச் சுவரில் புதிதாக ஓடு ஒட்டியிருந்ததால் துளை போடக் கூடாது என்றார்கள். டி.வி.ஆர். மாடி அறையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு கேபிளும் சுவரேறி மொட்டை மாடி வழியாக வந்து கீழிறங்க வேண்டியதாயிற்று. மொத்தம் 128 மீட்டர் ஆனது. கூடுதல் 58 மீட்டருக்குப் பணம் கேட்டபோது வீட்டுக்காரர், "எல்லாம் சேர்த்து என்றுதானே போட்டீர்கள்?" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். நேர்கோட்டுத் தூரம் வேறு, கேபிள் போகும் வழி வேறு. டேப்பைப் பிடித்து ஏற்ற இறக்கத்தோடு அளந்தால்தான் உண்மை தெரியும். இலவசமாக இடம் பார்க்கப் போவது வாடிக்கையாளருக்குச் செய்யும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் பேக்கேஜ் விலையைக் காப்பாற்றுவதும் அதுதான்.

அங்கே போனதும் அளவோடு இன்னொன்றையும் பாருங்கள். எந்தக் கேமராவில் முகம் தெரிய வேண்டும், எதில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும் என்று வீட்டாரிடமே கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தில் அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்று ஐ.இ.சி. 62676-4 தரநிலையின் 2014 பதிப்பு சொன்னது. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம் கொண்டது. அதை 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர் வரும். காட்சி அதைவிட அகலமானால் முகம் கரைந்துவிடும். வழக்கமாக வரும் 2.8 மி.மீ. லென்ஸ் மிக அகலமாகப் பார்ப்பது. ஆள் நிற்கும் இடத்தில் காட்சி 7.7 மீட்டர் அகலத்தை எட்டும்போது அவர் கேமராவிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்தில்தான் இருப்பார். ஆகவே வாசற்கதவு 8 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த லென்ஸில் யாரோ வந்தார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. அதற்குக் குறுகலாகப் பார்க்கும் 6 அல்லது 8 மி.மீ. லென்ஸ் வேண்டும், அல்லது கேமராவைக் கதவருகே கொண்டுபோக வேண்டும். இதைப் பேக்கேஜ் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் பொழுது சாயும் நேரத்தில் போங்கள். வெள்ளைச் சுவருக்கோ கூரை விளிம்புக்கோ ஒட்டினாற்போல் கேமராவை மாட்டினால், இரவில் அதன் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் திரும்பி, படத்தின் ஒரு பாதி வெளுத்து மறு பாதி இருண்டுவிடும். பகலில் இது தெரியவே தெரியாது.

அந்த 11 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். ஒரு கேமராவின் பதிவு வேகத்தை நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட் ஆகும், நான்குக்கும் சேர்த்து 86.4. 1 டெராபைட் 11 நாள் வரும். வேகத்தை 4 மெகாபிட் ஆக்கினால் நாள் பாதியாகும். "ஒரு மாதப் பதிவு" என்று இதே டிஸ்க்குக்கு எழுதுபவர்கள் அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கணக்கே போட்டிருக்க மாட்டார்கள்.

வாரண்டியை மூன்றாகப் பிரித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. கேமராவுக்கும் டி.வி.ஆருக்கும் வாரண்டி தருவது தயாரிப்பாளர். டிஸ்க்குக்கு வேறொரு தயாரிப்பாளர், வேறொரு காலம். ஆனால் "படம் வரவில்லை" என்று வரும் அழைப்புகளில் நான் அதிகம் பார்த்தது இவை இரண்டுமே இல்லை. மழைநீர் இறங்கிய இணைப்பு முனை, இற்றுப்போன அடாப்டர், இவைதான். இணைப்பு முனை உங்கள் கைவேலை, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. "வயரிங்குக்கு ஓர் ஆண்டு, அழைத்தால் வரும் கட்டணம் இல்லை" என்று எழுதிப் பாருங்கள், போட்டியாளர்களில் பலர் அதை எழுதத் தயங்குவார்கள். அடாப்டர் எந்தக் கணக்கில் வருகிறது என்பதை விலைத்தாளில் மறக்காமல் குறியுங்கள். மின்னல், மின்னழுத்த ஏற்றம், எலி கடித்த கேபிள் ஆகியவை வாரண்டியில் வராது என்றால் அதையும் அங்கேயே எழுதுங்கள். கேப்ஷனில் எழுத இடம் போதாது.

கடைசியாக, படம். முகமூடித் திருடனுக்குப் பதில், நீங்கள் பொருத்திய ஒரு கேமராவின் இரவுக் காட்சியைப் போடுங்கள். 3 மீட்டரில் உங்கள் உதவியாளரை நிறுத்தி, 8 மீட்டரில் மறுபடி நிறுத்தி, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், கதவிலக்கமும் வண்டி எண்ணும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.