சதுரத்துக்கு ஏன் பரப்பு கூட? dA/dx = 0 உண்மையில் என்ன சொல்கிறது?

கேள்வி: "சுற்றளவு மாறாவிட்டால் சதுரத்துக்குத்தான் பரப்பளவு கூட என்று சேர் சொன்னார். dA/dx = 0 போட்டால் விடை வருகிறது. ஆனால் ஏன் 0 போடுகிறோம் என்று விளங்கவில்லை. யாராவது சொல்லித் தர முடியுமா?"

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த இடத்தில் நின்று யோசிக்கிற பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றளவு 40 அடி என்று வைப்போம். அகலம் x என்றால் நீளம் 20 − x. பரப்பளவு

A = x(20 − x)

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிலர் A = xy என்று எழுதி, y-ஐ மாறிலிபோல நினைத்து dA/dx = y என்று வகையிட்டு விடுவார்கள். அதை 0-க்குச் சமன்படுத்தினால் y = 0 வரும், அதாவது பரப்பே இல்லாத செவ்வகம். அப்படி ஒரு விடை வந்தால், x மாறும்போது y-யும் மாறுகிறது என்பதை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். முதலில் y-ஐ x-இல் எழுதுங்கள், பிறகு வகையிடுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்வி. 6 அடி அகலம், 14 அடி நீளம் உள்ள செவ்வகம் ஒன்றை வரையுங்கள். பரப்பு 84 சதுர அடி. அகலத்தை 1 அடி கூட்ட வேண்டும் என்றால், நீளத்தில் 1 அடி குறைத்தே ஆக வேண்டும். முதலில் நீளத்தைக் குறையுங்கள். 6 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள ஒரு பட்டி போய்விடுகிறது, 6 சதுர அடி நட்டம். இப்போது அகலத்தைக் கூட்டுங்கள். 13 அடிக்கு 1 அடி என்று ஒரு பட்டி வந்து சேர்கிறது, 13 சதுர அடி இலாபம். மொத்தத்தில் 7 சதுர அடி கூடி 91 ஆகிறது. 7 × 13 பெருக்கிப் பாருங்கள், அதே 91.

1 அடிக்குப் பதிலாக h அடி என்று எடுத்தால், வருவது (14 − h)h, போவது 6h. மிச்சம் 8h − h². h மிகச் சிறியதாக இருந்தால் h² கணக்கிலேயே வராது. அகலம் ஒவ்வொரு அடி கூடும்போதும் ஏறத்தாழ 8 சதுர அடி என்ற வேகத்தில் பரப்பு கூடுகிறது. dA/dx = 20 − 2x என்பதில் x = 6 போட்டுப் பாருங்கள், அதே 8 வரும். அந்த 20 − 2x-ஐ (20 − x) − x என்று பிரித்து எழுதினால் விஷயம் கண்ணுக்குத் தெரியும்: வந்து சேரும் பட்டியின் நீளத்திலிருந்து போகும் பட்டியின் நீளத்தைக் கழித்தது. பெறுதி என்பது இங்கே அந்த வரவு செலவுக் கணக்குத்தான்.

வரவு கூடவாக இருக்கும்வரை அகலத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். செலவு கூடவாக இருந்தால் திரும்பி வருவோம். இரண்டும் சமப்படும் இடத்தில் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இலாபம் இல்லை. அந்த இடம்தான் dA/dx = 0. அங்கே 20 − x = x, ஆகவே x = 10, பக்கங்கள் சமன், சதுரம். பரப்பு 100 சதுர அடி.

அது உயர்வுதான், இழிவு இல்லை என்று எப்படித் தெரியும்? 10-இலிருந்து h அடி நகர்ந்தால் பரப்பில் வரும் மாற்றம் (10 − h)h − 10h = −h². h நேரோ மறையோ, மாற்றம் எப்போதும் குறைவுதான். இரண்டாம் பெறுதி −2 என்று நீங்கள் எழுதுவதும் இதைத்தான் சொல்கிறது. இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. 9 × 11 எடுத்தால் 99, ஒரே ஒரு சதுர அடிதான் நட்டம். உயர்வுக்குப் பக்கத்தில் வளையி தட்டையாக இருப்பதால் சின்னப் பிழைகள் பெரிதாக உறைக்காது. 2 × 18 வரை போனால்தான் 36-க்கு இறங்கிவிடும்.

பிரான்ஸின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பெர்மா 1630-களில் தன் முறையைக் காட்ட எடுத்துக்கொண்ட உதாரணமும் இதுதான்: ஒரு கோட்டை இரண்டாக வெட்டி, இரு துண்டுகளின் பெருக்கத்தை மிகப் பெரிதாக்குவது. அவரும் ஒரு சிறிய அளவு நகர்த்தி, இரண்டு பெருக்கங்களையும் சமன்படுத்தி, அந்தச் சிறிய அளவால் வகுத்து, பிறகும் அந்தச் சிறிய அளவு ஒட்டிக்கொண்டு நிற்கும் உறுப்பை விட்டுவிட்டார். நாம் மேலே பட்டியை வைத்துச் செய்ததும் அதுதான்.

இனி, இதை மனப்பாடமாக வைத்திருந்தால் எங்கே சறுக்கும் என்று சொல்கிறேன். தெஹிவளையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் அம்மாவுக்குக் கோழி அடைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. 40 அடி கம்பிவலை இருந்தது. ஒரு பக்கம் 30 அடி மதில் இருந்ததால் வலை மூன்று பக்கத்துக்கு மட்டும் போதும். "சதுரம்தானே பெரிசு" என்று தம்பி 40-ஐ மூன்றால் வகுத்து, பக்கம் 13 அடி 4 அங்குலம் என்றான். பரப்பு ஏறத்தாழ 178 சதுர அடி.

வரவு செலவை மறுபடி பாருங்கள். மதிலிலிருந்து வெளியே நீளும் பக்கம் x என்றால், அது இரண்டு தடவை வருகிறது. மதிலுக்கு எதிர்ப்பக்கம் 40 − 2x. x-இல் 1 அடி கூட்டினால் எதிர்ப்பக்கத்தில் 2 அடி போகிறது. ஆகவே

A = x(40 − 2x)
dA/dx = 40 − 4x

இது 0 ஆவது x = 10-இல். எதிர்ப்பக்கம் 20 அடி, பரப்பு 200. சதுரம் இல்லை. ஆனால் வலை எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள்: ஒரு திசைக்கு 10 + 10, மற்றத் திசைக்கு 20. பாதிக்குப் பாதி. முதல் கணக்கிலும் அப்படித்தான், ஒரு திசைக்கு 20, மற்றதுக்கு 20. நாலு பக்கமும் வலை என்பதால் அங்கே அது சதுரமாக வந்தது.

அப்புறம் அளந்து பார்த்தால், மதிலிலிருந்து 8 அடியில் வடிகான் ஓடுகிறது. x = 10 போட இடமே இல்லை. இப்படியான கணக்கில் பெறுதி 0 ஆகும் இடத்தைத் தேடிப் பிரயோசனம் இல்லை. எதிர்ப்பக்கம் 30 அடி மதிலைவிட நீளக்கூடாது என்பதால், x-க்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 5-இலிருந்து 8 வரை. அந்த எல்லை முழுவதும் 40 − 4x நேராகவே இருக்கிறது, அதாவது பரப்பு ஏறிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் உயர்வு எல்லையின் அந்தத்தில்தான்: x = 8, எதிர்ப்பக்கம் 24, பரப்பு 192. அங்கே dA/dx = 8, பூச்சியம் இல்லை, ஆனாலும் விடை சரி. கணக்கில் "அகலம் 8 அடிக்கு மேல் போகக்கூடாது" என்று ஒரு வசனம் இருந்தால், வகையிடுவதற்கு முன் அதன் கீழே கோடு போட்டு வையுங்கள்.

வடிகானுக்கு மேலே பலகை போட்டு இன்னும் ஒரு அடி எடுத்தால் எவ்வளவு கூடும் என்று அம்மா கேட்டார். அந்த 8 இதற்குக் கிட்டத்தட்டப் பதில் சொல்கிறது. 1 அடி என்பது சின்ன நகர்வு இல்லை என்பதால் நேரே பெருக்கிப் பார்த்தோம்: 9 × 22 = 198. ஆறு சதுர அடிதான் கூடுகிறது. பலகை போடாமல் 8 அடியிலேயே வலையைக் கட்டினோம்.