டீசல் 12 சதவீதம் ஏறினால் லாரி வாடகை எவ்வளவு ஏற வேண்டும்?

கேள்வி: ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் வண்டி ஓட்டுகிறேன். ட்ரிப் வாடகை 30,000 ரூபாய். லோடோடு 300 கிலோமீட்டர் போய்விட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். லோடில் லிட்டருக்கு 3.6 கிலோமீட்டர், காலியில் 4.5 கிடைக்கிறது. வாடகை பேசியபோது டீசல் 90 ரூபாய், இப்போது 100.80. “டீசல் விலை 5 சதவீதத்துக்கு மேல் மாறினால், எரிபொருள் பங்கு 25 சதவீதம் என்ற அடிப்படையில் வாடகை மாற்றப்படும்” என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. விலை 12 சதவீதம் ஏறியதால் வாடகையையும் 12 சதவீதம் ஏற்றிக் கேட்டேன். ட்ரிப்புக்கு 525 ரூபாய்தான் தர முடியும் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரியில்லை. நீங்கள் கேட்ட 12 சதவீதம் 3,600 ரூபாய். நீங்கள் எழுதியிருக்கும் வாசகத்தின்படி உங்களுக்கு வர வேண்டியது 900 ரூபாய். ஆனால் டீசலுக்காக உங்கள் கையிலிருந்து உண்மையில் கூடுதலாகப் போவது 1,620 ரூபாய். இந்த மூன்று தொகைகளும் ஏன் இவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று புரிந்துவிட்டால், இப்போது எதைக் கேட்பது, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எதை மாற்றுவது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் 1,620 எப்படி வருகிறது என்று பார்ப்போம். லோடில் 300 கிலோமீட்டருக்கு 3.6 வீதம் 83.33 லிட்டர் ஆகிறது. காலியில் 300 கிலோமீட்டருக்கு 4.5 வீதம் 66.67 லிட்டர். ஆக, ஒரு ட்ரிப்புக்கு 150 லிட்டர். லிட்டருக்கு 10.80 ஏறியிருப்பதால் 150 லிட்டருக்கு 1,620 ரூபாய். இதில் சதவீதமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். டயர், டிரைவர் சம்பளம், வண்டித் தவணை, இன்ஷூரன்ஸ், சுங்கம், உங்கள் லாபம் எதுவும் டீசல் ஏறியதால் ஏறவில்லை. அதனால்தான் முழு வாடகையையும் 12 சதவீதம் ஏற்றிக் கேட்பது நிற்காது. அப்படிக் கேட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் நியாயமான கணக்கையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

இதையே சதவீதத்தில் சொல்லலாம். 150 லிட்டருக்கு 90 வீதம் 13,500 ரூபாய். அது 30,000 வாடகையில் 45 சதவீதம். இதுதான் உங்கள் உண்மையான எரிபொருள் பங்கு. ஒப்பந்தங்களில் எழுதப்படும் சூத்திரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
புதிய வாடகை = அடிப்படை வாடகை × (1 + பங்கு × (இப்போதைய விலை − அடிப்படை விலை) ÷ அடிப்படை விலை)
```

பங்கை 0.45 என்று போட்டால் 0.45 × 12 = 5.4 சதவீதம். 30,000-க்கு அது 1,620. லிட்டர் கணக்கும் சதவீதக் கணக்கும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன. வரவில்லை என்றால் பங்கு தப்பாகப் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த ஒப்பந்தத்தையும் சோதித்துப் பார்க்க இது ஒன்றே போதும்.

உங்கள் ஒப்பந்தத்தில் 25 சதவீதம் என்று இருக்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். லோடோடு போகும் 83.33 லிட்டரை மட்டும் 90-ஆல் பெருக்கினால் 7,500 ரூபாய். அது 30,000-த்தில் சரியாக 25 சதவீதம். அதாவது, காலியாகத் திரும்பும் 66.67 லிட்டர் கணக்கிலேயே சேரவில்லை என்று தோன்றுகிறது. உங்களுக்குத் திரும்பி வரும்போது வெளி லோடு ஏற்ற வாய்ப்பு இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் எடுப்பதில் நியாயம் உண்டு, ஏனென்றால் அந்த டீசலை இன்னொருவர் வாடகை தாங்கும். காலியாகத்தான் திரும்ப வேண்டும் என்றால் போய்வரும் முழுத் தூரத்தின் டீசலும் இந்த வாடகையின் செலவுதான். அடிப்படை வாடகையைப் பேசும்போது நீங்கள் இரண்டு பக்கத்தையும் மனதில் வைத்துத்தான் 30,000 சொல்லியிருப்பீர்கள். விலை மாற்றத்துக்கான விதியில் மட்டும் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

ஆனாலும் கையெழுத்துப் போட்டது 25 என்பதால், இந்த ஒப்பந்தக் காலம் முடியும் வரை அந்த எண்ணுக்குத்தான் நீங்கள் கட்டுப்பட்டவர். அப்படியானால் 12-ஐ 0.25-ஆல் பெருக்கி 3 சதவீதம், அதாவது 900 ரூபாய் வர வேண்டும். அவர்கள் 525 என்பது எப்படி? 12-இல் 5 சதவீதத்தைக் கழித்துவிட்டு, மீதி 7-ஐ மட்டும் எடுத்திருக்கிறார்கள். 7 × 0.25 = 1.75 சதவீதம், 525 ரூபாய்.

இந்த இடத்தில் வாசகத்தை ஒரு ஒரு சொல்லாகப் படிக்க வேண்டும். “5 சதவீதத்துக்கு மேல் மாறினால் வாடகை மாற்றப்படும்” என்றால் 5 என்பது கதவு. கதவு திறந்துவிட்டால் முழு 12 சதவீதமும் கணக்கில் வரும். “5 சதவீதத்துக்கு மேற்பட்ட உயர்வுக்கு மட்டும்” என்று எழுதியிருந்தால்தான் முதல் 5 சதவீதத்தை நீங்கள் தாங்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது முதல் வகை, அதனால்தான் 900 என்கிறேன். அசல் ஒப்பந்தத்தை எடுத்து, அதே சொற்கள்தானா, பின்னிணைப்பில் ஏதாவது மாதிரிக் கணக்கு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாதிரிக் கணக்கு இருந்தால் சச்சரவு அங்கேயே தீர்ந்துவிடும். இல்லையென்றால் பழைய பில்களைத் தேடுங்கள். முன்பு ஒருமுறை டீசல் இறங்கியபோது அவர்கள் முழு இறக்கத்தையும் கழித்திருந்தால், ஏறும்போது 5-ஐக் கழிப்பது செல்லாது என்று சொல்ல உங்களிடம் அவர்கள் கணக்கே சான்றாக இருக்கும்.

கதவு வகைக்கும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். விலை 4.9 சதவீதம் ஏறினால் ஒன்றும் கிடைக்காது, 5.1 ஆனதும் மொத்தமும் கிடைக்கும். அந்த எல்லையில் எந்த நாளின் விலை, எந்த ஊர் பங்க் விலை என்று ஒவ்வொரு பைசாவுக்கும் வாக்குவாதம் வரும். அதனால் ஊர், எண்ணெய் நிறுவனம், எந்தத் தேதியின் விலை அல்லது எந்த மாதத்தின் சராசரி என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். லோடு ஏற்றிய தேதியின் விலையா, பில் போட்ட தேதியின் விலையா என்பதும் அப்படியே. லோடு ஏற்றிய தேதிதான் நியாயம், டீசல் போட்டது அன்றைக்குத்தானே.

அப்புறம், நிறைய பேர் கவனிக்காமல் பணத்தை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது: 12 சதவீதம் என்பது எதிலிருந்து 12 சதவீதம்? சில நிறுவனங்கள் மாதாமாதம் முந்தின மாத விலையோடு ஒப்பிடுகின்றன. டீசல் மூன்று மாதம் தொடர்ந்து 4 சதவீதம் ஏறினால் மொத்தம் 12.5 சதவீதம் ஏறியிருக்கும். ஆனால் எந்த மாதமும் 5-ஐத் தாண்டாததால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. ஒப்பீடு எப்போதும் அடிப்படை விலையோடு இருக்க வேண்டும்.

வாடகையும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் அடிப்படை வாடகையான 30,000-த்திலிருந்தே கணக்கிட வேண்டும். ஏற்கெனவே ஏற்றிய வாடகை மேல் மறுபடி சதவீதம் போட்டால் கணக்கு மெல்லப் பிசகும். 45 சதவீதப் பங்கையே வைத்துப் பாருங்கள். டீசல் 100.80 ஆனபோது வாடகை 31,620. மறுபடி 90-க்கு இறங்கினால் அது 10.71 சதவீத இறக்கம். அதில் 45 சதவீதம் 4.82. 31,620-இல் அதைக் கழித்தால் 30,095 வருகிறது. டீசல் பழைய விலைக்கே வந்துவிட்டது, வாடகை மட்டும் 95 ரூபாய் மேலே நிற்கிறது. இந்தத் தடவை அது உங்களுக்குச் சாதகம், டீசல் முதலில் இறங்கிப் பிறகு ஏறினாலும் இதே போல ஒரு வித்தியாசம் வந்து நிற்கும். ஏற்ற இறக்கம் கூடக் கூட, யாருக்கும் காரணம் சொல்ல முடியாத ஒரு தொகை பில்லில் சேர்ந்துவிடும்.

அடிப்படை விலையின் தேதியையும் பாருங்கள். அது நீங்கள் ரேட் கொடுத்த நாளின் விலையாக இருக்க வேண்டும், ஒப்பந்தம் கையெழுத்தான நாளின் விலையாக அல்ல. இடையில் டீசல் 3 ரூபாய் ஏறி, 93 என்று எழுதிவிட்டால் ட்ரிப்புக்கு 150 × 3 = 450 ரூபாயை ஒப்பந்தக் காலம் முழுக்க நீங்களே தாங்குவீர்கள். உங்கள் விஷயத்தில் 90 என்பது வாடகை பேசிய நாள் விலைதான் என்பதால் பிரச்சினை இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: 12 சதவீதக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 900 ரூபாய்க்குக் கணக்குத் தாள் கொடுங்கள். அடிப்படை விலை, இப்போதைய விலை, இரண்டுக்கும் பங்க் ரசீது, ஒப்பந்தத்தின் அந்த வாசகம், சூத்திரம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். விலை ஏறிய நாளுக்குப் பிறகு பழைய வாடகையில் பில் போட்ட ட்ரிப்புகள் இருந்தால், அவற்றுக்குத் துணை பில் போடும் உரிமை உண்டா, அதற்குக் கால வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில ஒப்பந்தங்களில் எழுத்தில் கேட்ட நாளிலிருந்துதான் புதிய வாடகை என்று இருக்கும். அப்படி இருந்தால் ஒவ்வொரு நாள் தாமதமும் உங்கள் நஷ்டம், கடிதத்தை இன்றே கொடுங்கள்.

புதுப்பிக்கும்போது, சதவீதத்தை விட்டுவிட்டு லிட்டரில் எழுதச் சொல்லுங்கள்: “ஒரு ட்ரிப்புக்கு 150 லிட்டர், அடிப்படை விலை 90, அதற்கு மேலோ கீழோ மாறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வாடகையில் 150 ரூபாய் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.” புதுப்பிக்கும் நாளில் புது ரேட் பேசினால் 90-க்குப் பதில் அந்த நாள் விலை வரும். இதில் பங்கு எவ்வளவு என்ற கேள்வியே எழாது. கூலி, டயர் விலைக்காக அடிப்படை வாடகை ஏறும்போது பங்கு மாறிப்போவதும் இங்கே பாதிக்காது. டன் கணக்கில் வாடகை என்றால், 20 டன் லோடுக்கு, டீசலில் மாறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் டன்னுக்கு 7.50 ரூபாய் என்று வரும், அப்போது குறைந்தபட்ச எடைக்கு உத்தரவாதம் கேளுங்கள். 15 டன்தான் ஏற்றினார்கள் என்றால் டீசல் அதே விகிதத்தில் குறையாது.

150 லிட்டரை அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று யோசிக்கலாம். டேங்கை நிரப்பிப் புறப்பட்டு, திரும்பி வந்து மறுபடி நிரப்பி அளக்கும் ஓட்டத்தை அவர்கள் ஆள் முன்னிலையில் சில ட்ரிப்புகள் செய்து காட்டுங்கள். ஏறும்போது கூடுதலாகக் கொடுக்கிற அதே 150 லிட்டர்தான், இறங்கும்போது அவர்களுக்கு முழுதாகத் திரும்பிப் போகும். 25 சதவீதப் பங்கில் அவர்களுக்கு அந்தக் குறைப்பும் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கணக்கோடு எடுத்துச் சொல்லுங்கள்.