ஒரு ரொட்டியில் எத்தனை கலோரி?

கேள்வி: டொக்டர், எனக்கு 52 வயது. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். ஆறு வருடமாகச் சீனி வருத்தம், குளிசை போடுகிறேன். காலையிலும் பகலிலும் எங்களுக்கு ரொட்டிதான். ஒரு ரொட்டியில் எத்தனை கலோரி என்று சொன்னால் கணக்குப் பார்த்துச் சாப்பிடுவேன்.

பதில்: அம்மா, ஒரே எண்ணாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது உங்கள் வீட்டு ரொட்டியின் எண்ணாக இருக்காது. என் கிளினிக்கில் ஒருவர் பல மாதமாக "இரண்டு ரொட்டிதான் டொக்டர்" என்று சொல்லி வந்தார். சீனி இறங்கவே இல்லை. ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். தட்டளவு அகலம், விரல் தடிப்பு. அந்த இரண்டு, வேறொரு வீட்டில் நான்குக்குச் சமம். அவர் பொய் சொல்லவில்லை. நான் எத்தனை என்று மட்டும் கேட்டேன், எவ்வளவு மாவில் என்று கேட்கவில்லை.

அதனால் நான் உங்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: எவ்வளவு மாவில் எத்தனை ரொட்டி சுடுகிறீர்கள்? தராசு தேவையில்லை. ஒரு கிலோ கோதுமை மா பக்கெட்டைப் பாதியாகப் பிரித்தால் 500 கிராம். அதில் ஏறத்தாழ 1,800 கலோரி இருக்கிறது. இரண்டாவது கேள்வி, அதில் எவ்வளவு தேங்காய்ப்பூ போட்டீர்கள், கல்லில் எவ்வளவு எண்ணெய் விட்டீர்கள் என்பது. மூன்றாவது, அதில் நீங்கள் எத்தனை சாப்பிட்டீர்கள். இந்த மூன்றும் இல்லாமல் சொல்லும் எண் வெறும் ஊகம்தான்.

உதாரணத்துக்கு அரைக் கிலோ மாவும் 100 கிராம் தேங்காய்ப்பூவும் என்று வைப்போம். தேங்காயில் சுமார் 350 கலோரி. கல்லில் தடவ மொத்தம் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்றால் அதில் 90 போல. உப்புக்கும் தண்ணீருக்கும் கலோரி இல்லை. எல்லாம் சேர்ந்து சுமார் 2,240. அதை 8 ரொட்டியாகத் தட்டினால் ஒன்றுக்கு 280, 14 ஆகத் தட்டினால் 160. மூன்று சாப்பிட்டால் முதல் வீட்டில் 840, இரண்டாவது வீட்டில் 480. மாவும் அதே, பெயரும் அதே.

இனி எண்ணெய்க்கு வருவோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. தடவிச் சுடாமல் ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு மேசைக்கரண்டி ஊற்றிச் சுட்டால், அதெல்லாம் ரொட்டியில் ஊறிவிட்டால், 280 இருந்தது 390 ஆகிவிடும். பார்ப்பதற்கு ரொட்டி கொஞ்சம் மினுங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். எவ்வளவு விட்டோம் என்று நினைவில்லை என்றால், சுடத் தொடங்கும் முன் எண்ணெய்ப் போத்தலில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். முடிந்ததும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

சுட்ட ரொட்டியை நிறுத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதை நம்பவேண்டாம். கல்லில் தண்ணீர் ஆவியாகிப் போகும், கலோரி போகாது. நன்றாக முறுகிய ரொட்டி பாரம் குறைவு, ஆனால் அதில் இருக்கும் மா அதே மாதான். சோற்றில் இது தலைகீழ். 100 கிராம் அரிசியில் சுமார் 360 கலோரி, தண்ணீரைக் குடித்து வெந்த 100 கிராம் சோற்றில் சுமார் 130. அதனால் சோறு என்றாலும் அரிசியாக எவ்வளவு போட்டீர்கள் என்றுதான் கேட்பேன்.

சரி, உங்களுக்கு இருப்பது சீனி வருத்தம். உங்கள் விஷயத்தில் நான் கலோரியைவிட மாவின் அளவைத்தான் பார்ப்பேன். இரத்தத்தில் சீனியை ஏற்றுவது பெரும்பாலும் மாச்சத்து. அரைக் கிலோ மாவில் அது ஏறத்தாழ 375 கிராம், அதாவது 8 ரொட்டியில் ஒன்றுக்கு 47 கிராம், 14 இல் ஒன்றுக்கு 27. தேங்காயும் எண்ணெயும் கலோரியைக் கூட்டும், உடம்பை ஏற்றும், ஆனால் சீனியை அந்த அளவுக்கு ஏற்றாது. எனவே தேங்காயை மட்டும் குறைத்துவிட்டு ரொட்டியைப் பெரிதாகத் தட்டினால் உங்களுக்குப் பயன் இல்லை.

தொட்டுக்கொள்வதையும் சொல்லுங்கள். தேங்காய்ச் சம்பல் என்றால் அந்தத் தேங்காயும் கணக்கில் சேரும். தேங்காய் சேராத கட்டச்சம்பல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தேத்தண்ணியில் போடும் சீனியை மறக்கவேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம். குளிசை போட்டுக்கொண்டு மலையேறி வேலை செய்கிறீர்கள். நீங்களாக ரொட்டியைத் திடீரென்று பாதியாகக் குறைக்கவேண்டாம். சில குளிசைகளோடு அப்படிச் செய்தால் சீனி மிகவும் இறங்கி, மலையிலேயே வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். ஒரு வாரத்துக்கு எவ்வளவு மா, எத்தனை ரொட்டி, நீங்கள் சாப்பிட்டது எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியையும் குளிசை அட்டைகளையும் அடுத்த கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை ரொட்டி என்பதை அங்கே குளிசையோடு சேர்த்து முடிவு செய்யட்டும்.